இன்டர்வியூக்குப் போனா ரிசப்ஷன்ல என்ன சொல்லணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிசப்ஷன் டெஸ்க் முன்னாடி போய் நின்னதும் வாய் வரமாட்டேங்குது. முதல் வாக்கியம் என்னன்னு சொல்லுங்க, மனப்பாடம் பண்ணிக்கிறேன்.

மனப்பாடமே பண்ணிக்கோங்க, தப்பே இல்ல. "குட் மார்னிங் மேம், என் பேரு கார்த்திக். ஜூனியர் அக்கவுண்டன்ட் போஸ்ட்டுக்கு 11 மணிக்கு இன்டர்வியூ. ஹெச்ஆர்ல பிரியா ராமன் மேடம் வரச் சொல்லியிருக்காங்க." இவ்ளோதான். பேரு, எந்த வேலை, எத்தனை மணி, யாரு கூப்பிட்டாங்க.

ஏன் இந்த நாலும்னா, நான் சென்னையில ஃப்ரண்ட் ஆபீஸ்ல வேலை பார்த்தவ, அந்தப் பக்கத்துலேர்ந்து சொல்றேன். நீங்க பேசி முடிச்ச உடனே ரிசப்ஷனிஸ்ட் செய்யப்போற அடுத்த வேலை இன்டர்காமை எடுத்து உள்ள யாருக்கோ போன் போடறது. அந்த போன்ல அவங்க சொல்லப்போறது என்ன? "பிரியா, கார்த்திக்னு ஒருத்தர் வந்திருக்கார், ஜூனியர் அக்கவுண்டன்ட், 11 மணி ஸ்லாட்டாம்." பாருங்க, நீங்க சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிட்டாங்க, வேலை முடிஞ்சது. இந்த நாலுல ஒண்ணு விட்டுப்போச்சுன்னா அவங்க உங்ககிட்ட திருப்பிக் கேக்கணும், நீங்க பையைத் திறந்து மொபைல்ல மெயிலைத் தேடணும், பின்னாடி கூரியர் பையன் நிப்பான், உங்களுக்கு பதட்டம் இன்னும் ஏறும். அதனால நீங்க பேசறது ரிசப்ஷனிஸ்ட்டுக்காக மட்டும் இல்ல, அவங்க போன்ல பேசப்போற அந்த ஒரு வரிக்காகன்னு நெனச்சுக்கிட்டா எதைச் சொல்லணும் எதை விடணும்னு தானா தெரிஞ்சிடும். எந்த காலேஜ், எந்த ஊர்லேர்ந்து பஸ் ஏறி வந்தீங்க, யாரோட சித்தப்பா சொல்லி அப்ளை பண்ணீங்க, இதெல்லாம் அந்த வரியில வராது, விட்டுடுங்க.

நான் எப்பவும் "ஹெச்ஆரைப் பார்க்கணும்"னுதான் சொல்வேன். அது போதாதா?

போதாது. ஒரு நாள்ல அந்த டெஸ்க்குக்கு வந்து "ஹெச்ஆரைப் பார்க்கணும்"னு சொல்றவங்க யாரு யாருன்னு பாருங்க. இன்சூரன்ஸ் பாலிசி விக்கிறவர், கிரெடிட் கார்டு கேம்ப் போடணும்னு வர்றவர், ட்ரெய்னிங் இன்ஸ்டிட்யூட் ஆளு, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வராம சண்டை போட வர்ற பழைய ஸ்டாஃப், ரெகவரிக்கு வர்ற லோன் ஏஜென்ட். எல்லாரும் இதே வார்த்தைதான் சொல்வாங்க. இவங்கள்ல பாதிப்பேரை உள்ள விடக்கூடாதுங்கறதும் ரிசப்ஷனிஸ்ட்டோட வேலைல ஒரு பகுதி. நீங்களும் அதையே சொன்னா அந்தக் கூட்டத்துல ஒருத்தராத்தான் தெரிவீங்க, "என்ன விஷயமா?"ன்னு குரல் கொஞ்சம் டைட் ஆகும், அது உங்க மேல கோவம் இல்ல, சலிச்சு எடுக்கிற கேள்வி.

"ஒரு விஷயமா", "பர்சனலா", "அவங்களுக்கே தெரியும்" இந்த மூணும் இன்னும் மோசம். இன்டர்வியூன்னு சொல்ல ஏன் கூச்சப்படணும், தெளிவா "இன்டர்வியூக்கு வந்திருக்கேன்"னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை வந்ததும் எதிர்ல இருக்கவங்க முகமே மாறும், ஏன்னா இன்டர்வியூவுக்கு வர்றவங்கள என்ன பண்ணணும்னு அவங்களுக்கு ஒரு செட் வேலை இருக்கு. லிஸ்ட்டைப் பார்க்கணும், ஃபார்ம் கொடுக்கணும், உக்கார வைக்கணும்.

மேடம்னு கூப்பிடணுமா, அக்கான்னு கூப்பிடலாமா? வாசல்ல இருக்க செக்யூரிட்டியை என்னன்னு கூப்பிடறது?

ஆபீஸ்ல மேடம், மேம், சார். உங்களைவிட ரெண்டு வயசு சின்னப் பொண்ணா தெரிஞ்சாலும் மேம்தான். "அக்கா" வந்து, சின்ன கம்பெனி, மொத்தமே பத்து பேரு, ஓனரே எதிர்ல உக்காந்திருக்கார்ன்னா சிலருக்கு புடிக்கும், சிலருக்கு புடிக்காது, முதல் தடவை போறப்போ அந்த ரிஸ்க் எதுக்கு. "சிஸ்டர்" வேண்டாம், அது ஆஸ்பத்திரில நர்ஸைக் கூப்பிடற மாதிரி இருக்கு. "ஹலோ"ன்னு மட்டும் சொல்லிட்டு டெஸ்க்கைத் தட்டறது, அதைத் தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

செக்யூரிட்டியை "அண்ணா"ன்னு கூப்பிடலாம், வயசானவரா இருந்தா "ஐயா"ன்னு கூப்பிடலாம், அவங்களுக்கு அது சந்தோஷம். இப்போ நிறைய இடத்துல அஸ்ஸாம், பீகார் பசங்க கேட்ல நிக்கிறாங்க, அவங்ககிட்ட நீளமா தமிழ்ல விளக்கினா தலையாட்டிட்டு எங்கயாவது கைகாட்டிடுவாங்க. கம்பெனி பேரு, எத்தனாவது மாடி, "இன்டர்வியூ", இந்த மூணு வார்த்தை போதும், மொபைல்ல மெயிலைத் திறந்து காட்டிடுங்க.

இங்கிலீஷ் சரளமா வராது. ரிசப்ஷன்லயே இங்கிலீஷ்ல பேசியாகணுமா?

இல்ல. சென்னை, கோயம்புத்தூர் ஆபீஸ்ல ரிசப்ஷன்ல முக்கால்வாசி தமிழ்தான் ஓடும். அவங்க முதல்ல "யெஸ், ஹௌ மே ஐ ஹெல்ப் யூ"ன்னு கேட்டா அது பழக்கத்துல வர்றது, உங்களை டெஸ்ட் பண்றதுக்கு இல்ல. "குட் மார்னிங் மேம், இன்டர்வியூக்கு வந்திருக்கேன்"னு தமிழ்லயே ஆரம்பிங்க, அவங்களும் தமிழுக்கு வந்துடுவாங்க. வணக்கம்னு சொன்னாலும் ஒண்ணும் குறைஞ்சுபோகாது, சில பேரு வணக்கம்னா ஏதோ கட்சி மீட்டிங் மாதிரி இருக்குமோன்னு யோசிக்கிறாங்க, அப்படியெல்லாம் இல்ல.

ஒரு விஷயம் மட்டும், போஸ்ட் பேரை மெயில்ல என்ன போட்டிருக்கோ அதே வார்த்தையில சொல்லுங்க. மெயில்ல "ஜூனியர் அக்கவுண்டன்ட்"னு இருந்தா அதைத்தான் சொல்லணும், "கணக்கு எழுதற வேலை", "டேலி வேலை"ன்னு சொன்னா உள்ள இருக்கவங்களுக்கு வேற ஓப்பனிங்கோன்னு குழப்பம் வரும். மதியம் 12 மணி தாண்டிட்டா குட் ஆஃப்டர்நூன், சாயங்காலம் குட் ஈவினிங். ஆறு மணி இன்டர்வியூவுக்கு வந்து "குட் நைட் மேம்"னு ஆரம்பிச்சவர் உண்டு. அது விடைபெறும்போது சொல்றது.

பெரிய பில்டிங். கீழயே ஒரு ரிசப்ஷன் இருக்கு, மேல ஒண்ணு இருக்கு. எங்க எதைச் சொல்றது?

இது டைடல் பார்க், ஓஎம்ஆர், கிண்டி பக்கம் ஐடி பார்க்குக்கு முதல் தடவை போறவங்க எல்லாருக்கும் வர்ற குழப்பம். கீழ லாபில இருக்க டெஸ்க் உங்க கம்பெனியோடது இல்ல, பில்டிங்கோடது. அந்த பில்டிங்ல ஏகப்பட்ட கம்பெனி இருக்கும், அவங்களுக்கு பிரியா ராமன் யாருன்னும் தெரியாது, ஜூனியர் அக்கவுண்டன்ட் போஸ்ட்டும் தெரியாது. அவங்களுக்கு வேண்டியது வேற: எந்த கம்பெனி, எந்த மாடி, யாரைப் பார்க்கணும், உங்க ஐடி கார்டு. அங்க நின்னு முழு கதையைச் சொல்லிட்டு, மேல கம்பெனி ரிசப்ஷன்ல வந்து "கீழயே சொல்லிட்டேனே"ன்னு சொல்றவங்க நிறைய பேரு. கீழ சொன்னது மேல வராது. மேல புதுசா, முதல்லேர்ந்து, நாலு விஷயத்தையும் சொல்லணும்.

கீழ ஒரு டேப்லெட் வச்சு போன் நம்பரைக் கேட்டு ஓடிபி அனுப்பி போட்டோ எடுத்து ஸ்டிக்கர் பாஸ் அடிச்சுத் தருவாங்க, லேப்டாப் கொண்டுபோனா அதோட சீரியல் நம்பரையும் எழுதிப்பாங்க. இதுக்கே கூட்ட நேரத்துல கால் மணி நேரம் போயிடும், காலைல ஸ்டாஃப் எல்லாம் உள்ள நுழையற நேரமா இருந்தா லிஃப்ட்டுக்கும் க்யூ. அதனால 11 மணி இன்டர்வியூன்னா 10.30க்கு கேட்ல இருங்க, 10.45க்கு மேல டெஸ்க்கு முன்னாடி இருப்பீங்க. ரொம்ப சீக்கிரம், பத்து மணிக்கே வந்துட்டீங்கன்னா வெளிய டீக்கடைல நில்லுங்க. சீக்கிரம் வர்றது நல்லதுன்னு நெனச்சு ஒரு மணி நேரம் முன்னாடியே ரிசப்ஷன்ல வந்து உக்காந்தா, ஹெச்ஆர்க்கு "கேண்டிடேட் வந்துட்டார்"னு போன் போகும், அவங்க வேற மீட்டிங்ல இருப்பாங்க, யாருக்கும் அது வசதி இல்ல.

ஐடிக்கு ஒரிஜினலைக் காட்டுங்க, கையில திருப்பி வாங்கிக்கோங்க. ஜெராக்ஸ் கேட்டா மாஸ்க்டு ஆதார் பிரிண்ட் வச்சிருந்தா நல்லது, அதுல கடைசி நாலு எண் மட்டும்தான் தெரியும், ஆதார் கொடுக்கற யுஐடிஏஐ சைட்லயே டவுன்லோடு பண்ணலாம். டிரைவிங் லைசென்ஸ் காட்டினாலும் பெரும்பாலும் ஒத்துப்பாங்க.

விசிட்டர் ரெஜிஸ்டர்ல "ஃப்ரம்"னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதறது?

அது நீங்க எந்த கம்பெனியிலேர்ந்து வர்றீங்கன்னு கேக்கற கட்டம், சேல்ஸ் ஆளுங்க, வெண்டர்களுக்காக வச்சது. நீங்க அதுல உங்க ஊரு பேரை எழுதினா போதும், "திண்டுக்கல்", "தாம்பரம்" எதுவா இருந்தாலும் சரி. இப்போ வேற இடத்துல வேலைல இருக்கீங்க, அங்க யாருக்கும் தெரியாம இன்டர்வியூ வந்திருக்கீங்கன்னா அந்த கம்பெனி பேரை ரெஜிஸ்டர்ல எழுதவே எழுதாதீங்க. அந்த நோட்டு நாள்பூரா திறந்தேதான் கிடக்கும், அடுத்து கையெழுத்து போடறவர் உங்க வரியைப் படிச்சுட்டுதான் போடுவார். அதே ஏரியா, அதே தொழில்னா யாரு வருவாங்கன்னு சொல்ல முடியாது.

"டு மீட்" கட்டத்துல முழுப் பேரும் டிபார்ட்மெண்ட்டும். "பர்ப்பஸ்" கட்டத்துல இன்டர்வியூ. அங்க "அஃபிஷியல்"னு எழுதறவங்க உண்டு, அது எதையும் சொல்லல, செக்யூரிட்டி மறுபடி கேப்பார்.

நான் போறப்போ அவங்க போன்ல பேசிக்கிட்டிருக்காங்க. எவ்ளோ நேரம் நிக்கறது?

டெஸ்க்கிலேர்ந்து ஒரு அடி தள்ளி நில்லுங்க, கண்ணு பட்டதும் லேசா தலையாட்டுங்க, நீங்க வந்தது தெரிஞ்சிடும். அவங்க கையைக் காட்டி இருங்கன்னு சொல்வாங்க, இல்லன்னா ரெஜிஸ்டரை உங்க பக்கம் தள்ளுவாங்க, எழுத ஆரம்பிச்சிடுங்க. ஹெட்செட் மாட்டியிருக்கவங்க சும்மா ஸ்க்ரீனைப் பார்க்கற மாதிரி இருக்கும், ஆனா லைன்ல யாரோ பேசிட்டிருப்பாங்க, அது தெரியாம நம்ம ஆளுங்க சடசடன்னு பேச ஆரம்பிச்சிடுவாங்க. முதல்ல அவங்க உங்களைப் பார்க்கட்டும், அப்புறம் பேசுங்க. ஃபைலை, ஹெல்மெட்டை, தண்ணி பாட்டிலை எல்லாம் அவங்க டெஸ்க்கு மேல வைக்காதீங்க, அந்த மேட்டுல கூரியர் கவரும் பாஸும் இருக்கும். உங்க காதுல இருக்க இயர்போனையும் லிஃப்ட்லயே கழட்டிடுங்க.

"லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே"ன்னு சொல்லிட்டாங்க. மெயில் வந்துச்சு, நானும் சரியான நேரத்துக்குத்தான் போனேன். அப்போ என்ன பேசறது?

இது அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் உங்க தப்பும் இருக்காது, ரிசப்ஷனிஸ்ட் தப்பும் இருக்காது. ஒரு கேஸை அப்படியே சொல்றேன், பேரு மட்டும் மாத்தியிருக்கேன்.

பி.காம் முடிச்ச பையன், கிண்டி பக்கம் ஒரு கம்பெனிக்கு அக்கவுண்ட்ஸ் போஸ்ட்டுக்கு வர்றான். ஆதார்ல பேரு கார்த்திகேயன் எம், ரெஸ்யூம்ல கார்த்திக் முருகன், அவனுக்கு மெயில் அனுப்புனது ஒரு கன்சல்டன்சி. டெஸ்க்ல வந்து "கார்த்திக், இன்டர்வியூ, பிரியா மேடம்"னு சொல்றான். லிஸ்ட்ல கார்த்திக் இல்ல, "கார்த்திகேயன்"னு ஒருத்தர் இருக்கார் ஆனா அது 12 மணிக்கு, வேற போஸ்ட். கம்பெனியில பிரியா மூணு பேரு, ஹெச்ஆர்ல ஒண்ணு, பேரோல்ல ஒண்ணு, அட்மின்ல ஒண்ணு. ரிசப்ஷன்ல போன் போட்டது பேரோல் பிரியாவுக்கு, அவங்க "நான் யாரையும் வரச் சொல்லலையே"ன்னு சொல்லி வச்சிட்டாங்க. பையன் முகம் சுருங்கிப்போச்சு, "இல்ல மேம் வரச் சொன்னாங்க, இல்ல மேம் வரச் சொன்னாங்க"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிட்டு நிக்கிறான்.

அந்த இடத்துல எது முடிச்சை அவுத்துச்சுன்னா, மெயிலைக் காட்டினப்புறம்தான். மெயில்ல கன்சல்டன்சி பேரு, போஸ்ட் பேரு, ஜாப் ஐடி நம்பர், கடைசில கம்பெனி ஹெச்ஆரோட முழுப் பேரு எல்லாம் இருந்துச்சு. ஜாப் ஐடியைச் சொன்னதும் ஹெச்ஆர் பிரியா "ஆமா, அந்த கன்சல்டன்சி லிஸ்ட் தனி ஷீட்டு, ரிசப்ஷனுக்கு அனுப்பல"ன்னாங்க. அவ்ளோதான், ரெண்டு நிமிஷத்துல முடியற விஷயம்.

அதனால லிஸ்ட்ல இல்லன்னு சொன்னா "வரச் சொன்னாங்க"ன்னு மறுபடி சொல்றதுல பிரயோஜனம் இல்ல, அவங்களுக்கு புதுசா ஒரு தகவல் கொடுங்க. "மேம், ஆதார்ல என் பேரு கார்த்திகேயன்னு இருக்கும், அந்தப் பேர்ல இருக்கான்னு பாருங்களேன்." "இந்த கன்சல்டன்சி மூலமா வந்தேன், ஜாப் ஐடி இது." "மெயில் இதோ இருக்கு மேம்." யாராவது ஸ்டாஃப் ரெஃபர் பண்ணி வந்திருந்தா அவங்க பேரும் டிபார்ட்மெண்ட்டும். மெயிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, சில பில்டிங்ல உள்ள போனா சிக்னலே இருக்காது, அப்போ மெயில் லோடு ஆகாம சுத்திக்கிட்டே இருக்கும்.

எல்லாம் காட்டியும் "எங்க கம்பெனியில இன்னைக்கு இன்டர்வியூவே இல்ல"ங்கறாங்க.

அப்போ நிதானமா ஒரு கேள்வி கேளுங்க: "மேம், இந்த மெயில் ஐடி உங்க கம்பெனியோடதான்னு மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?" பெரிய கம்பெனி பேர்ல ஜிமெயில் ஐடியிலேர்ந்து கால் லெட்டர் வந்திருந்தா, இல்ல கம்பெனி பேர்ல ஒரு எழுத்து மட்டும் மாறி இருந்தா, அது போலி. ரிசப்ஷன்ல இருக்கவங்களுக்கு இதைப் பார்த்துப் பார்த்து பழக்கமா இருக்கும், ஒரு செகண்ட்ல சொல்லிடுவாங்க. (சின்ன கம்பெனிங்க நிஜமாவே ஜிமெயில் யூஸ் பண்றதும் உண்டு, அதனால ஜிமெயில்னாலே போலின்னு முடிவு பண்ண வேண்டாம், கேட்டுக்கோங்க.)

அந்த மெயிலை நம்பி ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், யூனிஃபார்ம் டெபாசிட்னு ஏற்கனவே காசு அனுப்பியிருந்தா சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு உடனே கூப்பிடுங்க, cybercrime.gov.in ல கம்ப்ளைன்ட் போடுங்க. எவ்ளோ சீக்கிரம் சொல்றீங்களோ அவ்ளோ நல்லது. ரிசப்ஷன்ல நின்னு அந்த மேடம்கிட்ட சண்டை போடறதுல ஒண்ணும் வராது, பாவம் அவங்க அந்தப் பணத்தைப் பார்க்கல.

அப்பாயின்ட்மெண்ட் எதுவும் இல்ல. சும்மா போய் "வேக்கன்சி இருக்கா"ன்னு கேட்டா "இல்ல"ன்னு உடனே சொல்லிடறாங்க.

அந்தக் கேள்விக்கு அவங்களுக்கு இருக்க சுலபமான பதில் அதுதான். வேக்கன்சி இருக்கா இல்லையான்னு ரிசப்ஷனிஸ்ட்டுக்கு நிஜமாவே தெரியாது, அது ஹெச்ஆருக்கும் அந்தந்த டிபார்ட்மெண்ட் மேனேஜருக்கும்தான் தெரியும். தெரியாத கேள்வியைக் கேட்டா "இல்ல"ன்னு வந்து நிக்கும். அவங்களால பதில் சொல்ல முடிஞ்ச கேள்வியைக் கேளுங்க: "குட் மார்னிங் மேம், என் பேரு செல்வி, அப்பாயின்ட்மெண்ட் இல்ல. அக்கவுண்ட்ஸ் வேலைக்கு ரெஸ்யூம் கொடுக்கணும். இங்க வாங்கிப்பீங்களா, இல்ல எந்த மெயில் ஐடிக்கு அனுப்பணும்னு சொல்றீங்களா?" ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா கிடைக்கும். அப்பாயின்ட்மெண்ட் இல்லன்னு நீங்களே முதல்ல சொல்லிடறது முக்கியம், இருக்கற மாதிரி காட்டிக்கிட்டு ரெண்டு கேள்விக்கு அப்புறம் இல்லன்னு தெரிஞ்சா அந்த இடத்துலயே கதவு சாத்திடும்.

அம்பத்தூர், கிண்டி எஸ்டேட், திருப்பூர் மாதிரி இடத்துல சின்ன, நடுத்தர கம்பெனிங்க இன்னும் கையில ரெஸ்யூம் வாங்குவாங்க. அந்த ரெஸ்யூம் ஒரு ட்ரேல இல்லன்னா ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர்ல போய் விழும், சாயங்காலமோ வாரக் கடைசியோ ஹெச்ஆர் வந்து அள்ளிட்டுப் போவார். அதுல உங்களோடது தனியா தெரியணும்னா முதல் பக்கம் மேல வலது மூலைல பேனாவால மூணு விஷயம் எழுதிக் கொடுங்க: என்ன வேலை, இன்னைய தேதி, போன் நம்பர். ரெஸ்யூம் உள்ள நம்பர் இருக்குன்னாலும் எழுதுங்க. கவர்ல போட்டு ஒட்டிக் கொடுக்காதீங்க, ஒட்டின கவரை ரிசப்ஷன்ல திறக்க மாட்டாங்க, அது யாருக்குன்னு தெரியாம அங்கயே கிடக்கும். கொடுத்துட்டு "ஹெச்ஆர்ல யாரு பேருக்கு மெயில்ல ஃபாலோ அப் பண்ணலாம் மேம்?"னு கேளுங்க. சொன்னா குறிச்சுக்கோங்க, சொல்லலைன்னா தோண்டாதீங்க, ஸ்டாஃப் பேரு நம்பர் வெளிய கொடுக்கக்கூடாதுன்னு அவங்களுக்கு ரூல் இருக்கலாம்.

போற நேரமும் பாருங்க. திங்கக்கிழமை காலைலயும், லஞ்ச் டைம் 1லேர்ந்து 2 வரைக்கும் போகாதீங்க. பதினொண்ணு, பதினொன்றரை, இல்லன்னா மூணு மணி வாக்குல டெஸ்க் கொஞ்சம் காலியா இருக்கும், ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவாங்க.

வாக்-இன். நூறு பேரு நிக்கிறாங்க. அங்கயும் இதெல்லாம் சொல்லணுமா?

வேண்டாம். வாக்-இன் அன்னைக்கு டெஸ்க்ல டோக்கன் போடறவங்களுக்கு ஆள் பேரு தேவையில்ல, எந்த வரிசைன்னுதான் தேவை. "ஃப்ரெஷர், அக்கவுண்ட்ஸ்" இல்ல "ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ், ஜாவா", அவ்ளோதான். ரெஸ்யூமைக் கையில வெளிய எடுத்து வச்சுக்கிட்டே க்யூல நகருங்க.

லேட் ஆயிடுச்சு. ரிசப்ஷன்ல காரணம் சொல்லணுமா?

காரணம் ஹெச்ஆருக்கு, ரிசப்ஷனுக்கு நேரம் மட்டும். வழியில இருக்கும்போதே ஹெச்ஆருக்கு போன் இல்லன்னா மெசேஜ் போட்டுடுங்க, அப்புறம் டெஸ்க்ல "என்னோட ஸ்லாட் 10.30, லேட் ஆயிடுச்சு, பிரியா மேடம்கிட்ட போன்ல சொல்லியிருக்கேன்"னு சொல்லுங்க. கத்திப்பாரா ட்ராஃபிக், பஸ் வரல, மழை, இதெல்லாம் டெஸ்க்ல நின்னு மூச்சு வாங்கச் சொல்ல வேண்டாம். அந்த "போன்ல சொல்லியிருக்கேன்" இருக்கு பாருங்க, அது இருந்தா ரிசப்ஷனிஸ்ட் தயங்காம உள்ள கூப்பிடுவாங்க, இல்லன்னா "ஸ்லாட் முடிஞ்சிருச்சே"ன்னு அவங்களே ஒரு முடிவுக்கு வந்துடுவாங்க.

உக்காருங்கன்னு சொன்னாங்க. முக்கால் மணி நேரமா யாரும் கூப்பிடல. போய்க் கேட்டா கோவப்படுவாங்களோ?

கேக்கலாம், கேக்கணும். சில சமயம் நிஜமாவே மறந்துடுவாங்க, ஷிஃப்ட் மாறியிருக்கும், காலைல உங்களை உக்கார வச்ச பொண்ணு டீ குடிக்கப் போயிருக்கும், புதுசா வந்து உக்காந்தவங்களுக்கு நீங்க யாருன்னே தெரியாது. உங்க ஸ்லாட் நேரம் தாண்டி இருபது நிமிஷம் ஆனதும் எழுந்து போய்க் கேளுங்க. "எவ்ளோ நேரம் ஆகும்"னு கேட்டா "தெரியல, வெயிட் பண்ணுங்க"ன்னுதான் வரும். "மேம், கார்த்திக், 11 மணி ஜூனியர் அக்கவுண்டன்ட் இன்டர்வியூ. நான் வந்திருக்கேன்னு பிரியா மேடம்கிட்ட ஒரு தடவை ரிமைண்ட் பண்றீங்களா?" இப்படிக் கேட்டா அவங்க கை தானா போனுக்குப் போகும். பேரையும் வேலையையும் மறுபடி சொல்றது எதுக்குன்னா, அதுக்குள்ள அவங்க எத்தனையோ பேரைப் பார்த்திருப்பாங்க.

நடுவுல பாத்ரூம் போகணும், வெளிய போய் போன் பேசணும்னா சொல்லிட்டுப் போங்க. நீங்க இல்லாத அந்த அஞ்சு நிமிஷத்துலதான் கரெக்டா கூப்பிடுவாங்க, அது என்னமோ தெரியல.

ரிசப்ஷனிஸ்ட் ரகசியமா மார்க் போடறாங்கன்னு யூடியூப்ல சொல்றாங்களே, நிஜமா?

என் அனுபவத்துல ரொம்ப மிகைப்படுத்தின விஷயம் அது. அந்த டெஸ்க்ல இருக்க வேலைக்கு யாருக்கு மார்க் போட நேரம் இருக்கு? யாராவது கத்தினா, செக்யூரிட்டியை "டேய்"னு கூப்பிட்டா, அது ஹெச்ஆர் காதுக்குப் போகும், சந்தேகமே இல்ல. மத்தபடி சிரிச்ச முகமா இருந்தீங்களா, கால் மேல கால் போட்டு உக்காந்தீங்களான்னு யாரும் குறிச்சு வைக்கிறதில்ல. அதனால நடிக்க வேண்டாம், "உங்க சாரி நல்லா இருக்கு மேம்"னு ஐஸ் வைக்க வேண்டாம், சாக்லேட் நீட்ட வேண்டாம். ரிசப்ஷன்ல வேலை கெட்டுப்போறது பெரும்பாலும் மரியாதைக் குறைவுனால இல்ல, போன் தப்பான ஆளுக்குப் போறதுனாலதான்.

இப்போ நான் எவ்ளோ சம்பளம் வாங்கறேன்னு ரிசப்ஷன்லயே கேக்கறாங்க, சொல்லணுமா?

அப்ளிகேஷன் ஃபார்ம்ல கட்டம் இருந்தா எழுதுங்க. வாயால கேட்டா "ஃபார்ம்ல எழுதிடறேன் மேம்"னு சொல்லிடுங்க, சுத்தி ஆளு உக்காந்திருக்கப்போ சத்தமா சொல்ற விஷயம் இல்ல அது.

ஆபீஸ் இல்ல, ஃபேக்டரி. ஒரகடம் பக்கம். அங்க எப்படி?

அங்க ரிசப்ஷன் அப்புறம்தான், முதல்ல கேட், பக்கத்துல ஆளுங்க வர்றது போறதைப் பதிவு பண்ற டைம் ஆபீஸ். உங்களை உள்ள விடறது டைம் ஆபீஸ்தான். அங்க முக்கியமா ஒண்ணு தெளிவாச் சொல்லணும்: கம்பெனியே நேரடியா எடுக்கற கம்பெனி ரோல் இன்டர்வியூவா, கான்ட்ராக்ட்டா, அப்ரென்டிஸா. தினம் காலைல கான்ட்ராக்டர் மூலமா ஆளுங்க கூட்டமா வந்து நிப்பாங்க, ஒண்ணும் சொல்லாம நின்னா உங்களையும் அந்த லைன்ல நிறுத்திடுவாங்க. "அண்ணா, டிப்ளமோ மெக்கானிக்கல், ட்ரெய்னி இன்டர்வியூ, ஹெச்ஆர் மெயில் அனுப்பியிருக்காங்க"ன்னு சொல்லி மெயிலைக் காட்டுங்க. போன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டுவாங்க இல்ல போனையே வாங்கி வச்சுப்பாங்க, அதனால ஹெச்ஆர் பேரு, எக்ஸ்டென்ஷன், ஜாப் ஐடியை ஒரு பேப்பர்ல எழுதி பாக்கெட்ல வச்சுக்கோங்க. செருப்பு போட்டுப் போனா சில ப்ளான்ட்ல உள்ள விடமாட்டாங்க, ஷூ.

போனா ரிசப்ஷன்ல ஆளே இல்ல, பூட்டின கண்ணாடிக் கதவும் ஒரு பெல்லும்தான்.

ஒரு தடவை பெல் அடிச்சுட்டு அரை நிமிஷம் பொறுங்க. இன்டர்காம்ல குரல் வந்தா "கார்த்திக், 11 மணி இன்டர்வியூ, பிரியா மேடம்". இங்க இன்னும் சுருக்கம், ஸ்பீக்கர்ல நீளமா பேசினா பாதி கேக்காது. யாராவது ஸ்டாஃப் கார்டு தட்டிக் கதவைத் திறந்தா கூடவே நுழைஞ்சிடாதீங்க, பல ஆபீஸ்ல அது ரூல் மீறல், உங்களை விட்டவருக்குத்தான் திட்டு விழும். "இன்டர்வியூக்கு வந்திருக்கேன், ஹெச்ஆர்கிட்ட சொல்ல முடியுமா"ன்னு அவர்கிட்ட சொல்லிட்டு வெளியவே நில்லுங்க. யாருமே வரலைன்னா மெயில்ல இருக்க நம்பருக்கு போன்.

முடிஞ்சு வெளிய வரும்போது ரிசப்ஷன்ல ஏதாவது சொல்லணுமா?

பாஸைத் திருப்பிக் கொடுங்க, அவுட் டைம் எழுதுங்க, "தேங்க்ஸ் மேம், வரேன்" போதும். "எனக்கு கிடைச்சுடுமா மேம்"னு அவங்ககிட்ட கேக்காதீங்க, அவங்களுக்குத் தெரியாது. சில இடத்துல பாஸ்ல உங்களைப் பார்த்தவரோட கையெழுத்து இருந்தாத்தான் கீழ கேட்ல வெளிய விடுவாங்க, இன்டர்வியூ ரூம்லேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட வாங்கிடுங்க, இல்லன்னா ஆறு மாடி இறங்கி மறுபடி ஆறு மாடி ஏறணும். கேட்ல போனோ ஐடியோ கொடுத்திருந்தா மறக்காம வாங்கிட்டுப் போங்க.